பீட் வேறு, ரிதம் வேறா?

கேள்வி: இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இசைப் பாடத்தில் கைதட்டச் சொன்னால் போகப்போக வேகம் கூடுகிறது. பீட்டுக்கும் ரிதத்துக்கும் என்ன வித்தியாசம், எப்படிப் புரிய வைப்பது?

பீட் என்பது சீராக வரும் அடி. ரிதம், அந்த அடிகளின் மேல் நீளமும் குட்டையுமாக விழும் ஓசை. நம் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் உறுமி மேளம் என்னதான் உருட்டி அடித்தாலும் கூடவே நடக்கிறவர்களின் கால் ஒரே சீராகத்தானே போகிறது? கால் பீட், மேளம் ரிதம்.

வகுப்பில் நான் செய்வது இது: நடக்கிற வேகத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக் காலால் மிதிக்கச் சொல்லிவிட்டு, அதன் மேல் "தே, தே, ரொட்டி, தே" என்று சொல்லிக் கைதட்ட வைப்பேன். 'தே'வுக்கு ஒரு தட்டு, 'ரொட்டி'க்கு இரண்டு, ஆனால் அந்த இரண்டும் மூன்றாவது மிதிக்குள்ளேயே அடங்க வேண்டும். சிக்கல் இங்கேதான். கை இரண்டு முறை தட்டியதும் காலும் இரண்டு முறை மிதித்துவிடும், அப்புறம் எல்லாமே ஓட்டம்தான் (காலைப் பாருங்கள், கையை அல்ல, உடனே தெரிந்துவிடும்).

அப்படி ஆனால் வகுப்பைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதி மரக்கட்டையில் பீட்டை மட்டும் தட்டட்டும், மற்ற பாதி ரிதத்தைத் தட்டட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம். கஞ்சிரா மாதிரி சத்தமானதை பீட் பக்கம் கொடுக்காதீர்கள், ஜல்ஜல் ஓசை இழுபட்டு அடி எங்கே விழுந்தது என்றே தெரியாது.

தட்டு அதிகமானால் பாட்டு வேகமாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். மிதிக்கும் இடைவெளி குறைந்தால்தான் வேகம் கூடியதாக அர்த்தம்.