புண் மூடிய காலும், தைப்பூசக் காவடியும்

கேள்வி: எனக்கு 58 வயது, டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். சர்க்கரைப் புண்ணால் வலது கால் பெருவிரலை எடுத்தார்கள். பதினோரு வாரம் வார்டில் இருந்தேன். புண் மூடிவிட்டது, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தைப்பூசத்துக்கு வெறுங்காலில் காவடி எடுப்பதாக வேண்டுதல் இருக்கிறது. எடுக்கலாமா? ஊனமுற்றோர் மானியம் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் 1,500 ராண்ட் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வெறுங்காலில் வேண்டாம் அண்ணா. இந்த வருடமும் வேண்டாம், அடுத்த வருடமும் வேண்டாம்.

மூடிய புண்ணை ஆறிய புண் என்று எண்ணிவிடாதீர்கள். மேலே வந்திருப்பது புதுத்தோல், பழைய தோலின் பலம் அதற்கு ஒருநாளும் வராது. இப்படி மூடிய சர்க்கரைப் புண் பத்துப் பேரில் நாலு பேருக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பவும் வருகிறது. உங்களுக்குக் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. நடக்கும்போது தரையை உந்தித் தள்ளுவது பெருவிரல்தான். அது போனபின் அந்தப் பாரம் இரண்டாம் விரலின் நுனியிலும், அதற்குக் கீழே உள்ளங்கால் மேட்டிலும் இறங்கும். அடுத்த புண் அநேகமாக அங்கேதான் புறப்படும். காலில் உணர்வு மங்கியிருப்பதால் வலிக்காது. டர்பனின் கோடையில் தார் ரோடு கொதிக்கும். கொப்புளம் வந்தது தெரியாமல் கோயில்வரை நடந்துவிடுவீர்கள்.

ஆகவே வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்காதீர்கள், இரவில் பாத்ரூம் போகும்போதுகூட. காலில் போடுமுன் ஷூவுக்குள் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். விரல் போன இடத்தை நிரப்பும் மெத்தை வைத்த ஷூவுக்கு, கிளம்புமுன் டாக்டரிடம் கடிதம் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் யாரும் தரமாட்டார்கள். அந்த ஷூ வரப் பல மாதம் ஆகும், அதனால்தான் இப்போதே கேட்கச் சொல்கிறேன்.

முதல் வாரம் ஒரு நடைக்குப் பத்து நிமிடம் போதும். வந்ததும் சாக்ஸைக் கழற்றுங்கள். எங்காவது சிவந்திருந்து, இருபது நிமிடம் உட்கார்ந்தும் மறையவில்லை என்றால் அந்த இடம் அடி வாங்குகிறது என்று அர்த்தம். அன்று இனி நடக்காதீர்கள். புறங்கையை இரண்டு பாதத்திலும் வைத்துப் பாருங்கள். ஒரே இடம் ஒரு காலில் மட்டும் சூடாக இருந்தால், தோல் திறக்குமுன் வரும் எச்சரிக்கை அது. வெந்நீரில் உப்புப் போட்டு ஊறவைப்பது, மஞ்சள் பற்றுப் போடுவது, ஆணிக்கு மருந்துக்கடைப் பிளாஸ்டர் ஒட்டுவது மூன்றும் வேண்டாம். அந்தப் பிளாஸ்டரில் இருக்கும் அமிலம் நல்ல தோலையும் அரிக்கும்.

சிவப்பு பரவினால், நாற்றம் அடித்தால், காய்ச்சல் வந்தால், காரணமில்லாமல் சர்க்கரை ஏறினால் கிளினிக் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே கேஷுவால்டிக்குப் போங்கள். அட்டையில் ஆறு வாரம் கழித்துத் தேதி போட்டிருப்பார்கள். அந்தத் தேதிக்கும் உங்கள் காலுக்கும் சம்பந்தமில்லை. டிஸ்சார்ஜ் கடிதத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். கிளினிக்கில் ஃபைல் காணாமல் போவது புதிதல்ல, கடிதம் இல்லாதவர் வரிசையில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. இதைச் சரிசெய்ய வேண்டியவர் நோயாளி அல்ல, ஆனாலும் அலைபவர் அவர்தான்.

கோயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஷூவோடு உள்ளே போக முடியாது, சாக்ஸ் மட்டும் போட்டாலும் பாதுகாப்பில்லை. தடித்த அடி வைத்த புதுச் செருப்பு ஒன்றைக் கோயிலுக்கென்றே, தெருவில் மிதிக்காமல் வைத்துக்கொண்டு, முன்கூட்டியே குருக்களிடம் காலைக் காட்டிக் கேளுங்கள். அவர் சம்மதிக்காவிட்டால் வீல்சேரில் போங்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பால்குடத்தை மகன் கையில் கொடுத்தனுப்புங்கள். 'கொஞ்ச தூரம்தானே' என்று யார் சொன்னாலும் இறங்காதீர்கள்.

அந்த 1,500 ராண்டை ஒருவருக்கும் கொடுக்காதீர்கள். மானியம் தரும் அரசு அமைப்பான சாஸாவில் மனு போடுவது இலவசம். உங்கள் அடையாள அட்டையோடு நீங்களே போக வேண்டும். வேலை செய்ய முடியுமா என்பதை அவர்கள் ஏற்பாடு செய்யும் டாக்டர் பார்ப்பார், ஏஜெண்டுக்கு அதில் எந்த வாக்கும் இல்லை. மருத்துவ அறிக்கை மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது, அதனால் வீட்டுக்கு வந்ததும் தள்ளிப்போடாமல் போங்கள். விரல் போனதற்காக மட்டும் மானியம் கிடைத்துவிடாது, ஆறு மாதமாவது வேலை செய்ய முடியாத நிலை இருக்க வேண்டும். மறுத்தால் 90 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். 60 வயதானதும் இந்த மானியம் கிடையாது, முதியோர் மானியத்துக்கு மாறுவீர்கள்.

இந்த ஆட்கள் வார்டு வாசலிலேயே நிற்கிறார்கள், யாரும் விரட்டுவதில்லை. முதலில் அடையாள அட்டையின் நகல் கேட்பார்கள், பிறகு பேங்க் கார்டும் பின் நம்பரும். அதோடு பணம் வரும் நாளில் உங்களுக்கு முன்னால் அவர்கள் மெஷின் முன் நிற்பார்கள். கடனுக்கு ஈடாகக் கார்டை வாங்கி வைப்பது சட்டப்படிக் குற்றம், வட்டிக்குக் கடன் கொடுக்கும் மஷோனிசா எவ்வளவு பழக்கமானவராக இருந்தாலும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே பேங்குக்குப் போன் செய்து கார்டை நிறுத்துங்கள்.