தோழியின் வளைகாப்புக்குப் போகலாமா? – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அவளும் திருமங்கலத்தில் ஒரே தெரு, ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம், அவளுக்கு ஒன்றரை வருஷம். இந்த மாதக் கடைசியில் அவளுக்கு ஏழாம் மாத வளைகாப்பு. "நீ என் பக்கத்திலேயே நிக்கணும்டி" என்கிறாள். நாள் தள்ளிப்போயிருக்கு என்று அவள் சொன்ன அன்று சிரித்துவிட்டு, பாத்ரூமில் போய் அழுதேன். மூன்றாம் மாதம் அவளுக்கு லேசாக ரத்தம் பட்டது. நான்தான் ஆட்டோவில் கூட்டிப்போனேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று வழியெல்லாம் மீனாட்சியை வேண்டிக்கொண்டு போனேன். ஆனாலும் என் கண்தான் பட்டதோ என்று இன்றுவரை உறுத்துகிறது. நான் சாப்பிடும் மாத்திரை, எடுக்கும் ஸ்கேன் எதையும் அவளிடம் சொன்னதில்லை. நான் கெட்டவளா அக்கா? வளைகாப்புக்குப் போகலாமா?

எஸ்., திருமங்கலம்

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த ரத்தம். முதல் மூன்று மாதங்களில் ஏறக்குறைய நான்கு கர்ப்பிணிகளில் ஒருவருக்கு இப்படிப் படுகிறது. கரு ஒட்டி வளரும் இடத்தில் சிறு கசிவு ஏற்படலாம், கருப்பை வாய் மென்மையாகி லேசாகக் கசியலாம். பலருக்குக் காரணமே தெரியாமல் தானாக நின்றுவிடும். அவர்களில் பெரும்பாலோர் நல்லபடியாகவே பெற்றெடுக்கிறார்கள். முதல் மூன்று மாதத்தில் கரு கலைந்துபோகிறவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு. அது கரு உருவாகும்போதே நேர்ந்துவிடுவது. யார் கண்ணும் அங்கே எட்டாது. இந்தப் பாரத்தை இன்றைக்கே இறக்கி வைத்துவிடுங்கள்.

அடுத்து, நீங்கள் கெட்டவளா என்பது. பொறாமை என்று ஒரே பேரில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதில் இரண்டு உண்டு. அவளிடம் இருப்பது அவளுக்கு இல்லாமல் போக வேண்டும் என்பது ஒன்று. எனக்கும் வேண்டுமே என்பது இன்னொன்று. உள்ளே இருப்பது எது என்று சந்தேகம் வந்தால், அவளுக்கு ஆபத்து என்று கேட்ட நொடியில் மனசு எந்தப் பக்கம் ஓடியது என்று பாருங்கள். உங்கள் மனசு ஆட்டோவில் என்ன செய்தது என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அப்புறம் ஏன் அவளைப் பார்த்து மட்டும் இவ்வளவு வலிக்கிறது? எதிர்வீட்டு மருமகள் உண்டானபோது இப்படி அழுதிருக்க மாட்டீர்கள். அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் டெசர் 1980களில் இதை விளக்கினார். ஒருவர் நமக்கு எவ்வளவு நெருக்கமோ, அவருக்குக் கிடைத்தது நமக்கு எவ்வளவு முக்கியமோ, அந்த அளவுக்கு அடி பலமாக விழும். இதே தோழிக்கு அரசு வேலை கிடைத்திருந்தால் தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்திருப்பீர்கள். நெருக்கமானவள், நீங்கள் மாதாமாதம் காத்திருக்கும் அதே விஷயம், அதுவும் உங்களுக்குப் பின்னால் கல்யாணமானவள். மூன்றும் சேர்ந்து விழுந்திருக்கிறது. அவள் மேல் அன்பு குறைந்திருந்தால் இவ்வளவு வலிக்காது.

எனக்குக் கவலை தருவது உங்கள் கடிதத்தின் அந்த இன்னொரு வரிதான், அவளிடம் எதையும் சொன்னதில்லை என்பது. மேலூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் இதே நிலையில் வாயை மூடிக்கொண்டு தோழியின் வளைகாப்புக்குப் போனார். சந்தனம் பூசி, ஆரத்தி எடுத்து, எல்லாம் முடிந்த நேரத்தில் தோழியின் அத்தை ஒருவர் இவர் கையைப் பிடித்து இழுத்து, "இவளையும் மணையில் உட்கார வைத்து வளையல் போடுங்க, அடுத்த வருஷம் இவளுக்குத்தான்" என்றார். நம் பக்கம் உள்ள வழக்கம்தான், நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆனால் அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த ஒரு நிமிஷத்தில் இவருடைய கதை தெரிந்துபோனது. சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டார். அதன்பிறகு தோழியின் போனை எடுக்கவில்லை, பிள்ளை பிறந்ததும் பார்க்கப் போகவில்லை. தோழி வீட்டிலோ, "வயிற்றெரிச்சல்" என்று முடிவு கட்டிவிட்டார்கள். காதுகுத்துக்குப் பத்திரிகை கொடுக்க வந்தபோதுதான் இருவரும் உட்கார்ந்து பேசி அழுதார்கள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அத்தையை நான் நிறுத்தியிருப்பேன்ல" என்றாளாம் தோழி.

அந்த ஒரு வார்த்தையை நீங்கள் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நேரில் சொன்னால் இரண்டு பேரும் அழுது, கடைசியில் அவள் மன்னிப்புக் கேட்பதில் போய் முடியும். வாட்ஸ்அப்பில் எழுதுங்கள், படித்துவிட்டு மெதுவாகப் பதில் போட அவளுக்கும் அவகாசம் கிடைக்கும். இப்படி எழுதலாம்: "உனக்குப் பிள்ளை வரப்போவதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். நானும் ட்ரீட்மெண்டில் இருக்கிறேன், இன்னும் தங்கவில்லை. சில நாள் முகம் வாடியிருந்தால் அது உன் மேல் இல்லை. வளைகாப்பில் என்னை மணையில் உட்காரச் சொல்லாமல் மட்டும் பார்த்துக்கொள்." இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

போகலாமா என்றால், முழுநாளும் போக வேண்டும் என்றில்லை. உங்களால் முடிகிற பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை விளக்குத்தூண் பக்கம் போய்க் கண்ணாடி வளையல் வாங்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏழாம் மாதம் கை லேசாக வீங்கியிருக்கும், வழக்கமாக 2.4 போடுகிறவளுக்கு 2.6 வாங்கினால்தான் உடையாமல் ஏறும். அவள் கை அளவு தெரிந்தவர்தான் இதைச் சரியாகச் செய்ய முடியும். விழா அன்று காலையில் சீக்கிரம் போய் அவளுக்குத் தலைபின்னிப் பூ வைத்துவிடுங்கள், கூட்டம் சேர்வதற்கு முன் உங்கள் கையால் வளையலும் போட்டுவிடலாம். பிறகு கிளம்ப வேண்டும் என்று தோன்றினால் கிளம்புங்கள். உங்களுக்கு மாதவிலக்கு வருகிற நாளும் விழா நாளும் ஒட்டி வருகிறதா என்று காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டி வந்தால் முந்தின நாளே வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், விழாவை விட்டுவிடலாம்.

கடிதத்தில் உங்கள் மாத்திரை, உங்கள் ஸ்கேன் என்று இருக்கிறதே தவிர, கணவரின் பரிசோதனை பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. ஒரு வருஷம் முயன்றும் தங்கவில்லை என்றால் இருவரையும் பார்க்க வேண்டும் என்பதுதான் மருத்துவ முறை. தங்காமல் போகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கக் காரணமும் உண்டு. விந்தணுப் பரிசோதனை வலியில்லாதது, செலவும் அதிகமில்லை. முந்தின 2 முதல் 7 நாள் உறவு இல்லாமல் இருந்துவிட்டுக் கொடுத்தால் போதும். இன்னும் செய்யவில்லை என்றால் இந்த மாதமே செய்யச் சொல்லுங்கள். தோழியைப் பார்க்கும்போது 'என்னால்தானே' என்று குமுறுவதில் ஒரு பங்கு, எல்லாப் பழியையும் நீங்கள் ஒருத்தியே சுமப்பதால் வருகிறது.

தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் அது இந்தத் துக்கத்தைத் தாண்டிய விஷயம். 14416 என்ற அரசின் மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம், மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது.

சரி, தோழி சொல்லி வைத்தும் யாராவது ஒரு பெரியம்மா கையைப் பிடித்து இழுத்தால்? சண்டை வேண்டாம். "எனக்கு வீட்டில் வைத்துப் போட்டுக்கிறேன் பெரியம்மா, குடுங்க" என்று வளையலை இரண்டு கையாலும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, பந்தியில் பரிமாறப் போய்விடுங்கள்.