கோடு ஏறுகிறது, விலை இறங்குகிறது

கேள்வி: ராயக்கோட்டை பக்கம் ஒன்றரை ஏக்கரில் தக்காளி போட்டிருக்கிறேன். வாராந்திர விலை வரைபடத்தில் போன வாரம் கிலோ 20, இந்த வாரம் 22. கோடு ஏறினால் காத்திருங்கள் என்கிறது ஒரு விளக்க வீடியோ. ஆனால் சனிக்கிழமை மண்டியில் எனக்கு 15 ரூபாய்தான் கிடைத்தது. அடுத்த பறிப்பைத் தள்ளிப் போடலாமா?

பதில்: வேண்டாம், பறித்துவிடுங்கள்.

வரைபடத்தில் இருக்கும் புள்ளி ஒரு வாரத்தின் சராசரி. திங்கள் 28, அடுத்து 26, 24, 20, 18, சனிக்கிழமை 16 என்று விலை போயிருந்தால் சராசரி 22 வரும். போன வார 20-ஐ விட அது அதிகம் என்பதால் கோடு மேலே ஏறும். ஆனால் விலை ஆறு நாளும் இறங்கித்தான் இருக்கிறது. வீடியோ போடுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

அரசின் அக்மார்க்நெட் தளத்தில் தினசரி விலையைப் பாருங்கள். அது குவிண்டாலுக்குப் போட்டிருக்கும்; நூறால் வகுத்தால் கிலோ விலை. அதிகபட்ச விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது நாலைந்து பெட்டிக்குக் கிடைத்ததாகக்கூட இருக்கும். Modal Price என்பதுதான் பெரும்பாலான சரக்கு போன விலை. மூன்று நாளாக ஒரே எண் அசையாமல் நின்றால் அதை நம்பாதீர்கள். ஏலம் நடக்கிற சந்தையில் தக்காளி விலை அப்படி உறையாது. விலையைத் தினமும் ஒழுங்காகப் பதிவதற்குக்கூடவா நம்மால் முடியவில்லை?

மூன்று நாள் விலை ஏறி, வரத்தும் குறைந்தால் ஒரு நாள் தள்ளலாம், அவ்வளவுதான். நிறம் திரும்பும் காய் வெளியூர் லாரிக்குப் போகும். முழுதாகச் சிவந்துவிட்டால் அன்றே விற்றாக வேண்டும், ஒரு மழை பெய்தால் வெடித்துவிடும். அதோடு, அதே வீடியோவைப் பார்த்துக் காத்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே நாளில் பெட்டியை இறக்குவார்கள்.

மஞ்சள் கதை வேறு. பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கம் வேகவைத்துக் காயவைத்த மஞ்சள் மாதக்கணக்கில் நிற்கும், அதற்கு வாராந்திரக் கோடு உதவும். விரலிக்கும் கிழங்குக்கும் விலை வேறு, வரைபடம் எதைக் காட்டுகிறது என்று முதலில் பாருங்கள். விரலியை ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, மூட்டையில் பூஞ்சணம் பிடிக்கும். கைச்செலவுக்குப் பணம் வேண்டுமென்று அவசரப்பட்டு விற்காதீர்கள். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். அங்கே விவசாயியிடம் கமிஷனும் கிடையாது.

உங்கள் மண்டிக்கு வருவோம். 25 கிலோ பெட்டிக்கு 15 ரூபாய் வீதம் 375. பத்து சதவீதம் கமிஷன் போனால் 337.50. அதிலிருந்து வண்டி வாடகை, இறக்குக் கூலி. பெட்டியில் 27 கிலோ நிரப்பி 25-க்குக் கணக்கு எழுதினால் இன்னும் 30 ரூபாய் போச்சு. வரைபடத்தோடு ஒப்பிட வேண்டுமானால் கமிஷனுக்கு முந்தைய விலையை ஒப்பிடுங்கள்.

மண்டிக்காரரிடம் விதைக்கோ மருந்துக்கோ முன்பணம் வாங்கியிருக்கிறீர்களா? வாங்கியிருந்தால் எந்த வரைபடமும் உதவாது, அவர் சொல்வதுதான் விலை. முதலில் அந்தக் கடனை அடையுங்கள். அதுவரை எடை, விலை, கமிஷன் மூன்றையும் தனித்தனியாக எழுதிய சீட்டைக் கேட்டு வாங்குங்கள். வாயால் சொல்கிற கணக்கோடு திரும்பாதீர்கள்.