எண் வேறு, பில் ஒன்று: இரட்டைப் பேமென்ட்டை முன்பே பிடிப்பது எப்படி?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். போன மாதம் அட்டைப்பெட்டி சப்ளையருக்கு ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போய்விட்டது. ஒரு என்ட்ரியில் பில் நம்பர் முழுதாக இருக்கிறது, இன்னொன்றில் வெறும் 147 என்று இருக்கிறது. சாஃப்ட்வேர் எச்சரிக்கவே இல்லை. பணம் போவதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்க என்ன வழி?

பதில்:

சாஃப்ட்வேர் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரு கோடு மாறினாலும் அதற்கு அது வேறு பில்தான். அதனால் தேடலை பில் நம்பரிலிருந்து தொடங்காதீர்கள். சப்ளையர் யார், தொகை எவ்வளவு என்பதிலிருந்து தொடங்குங்கள், நம்பரைக் கடைசியில் பாருங்கள். தொகையைத் தட்டும்போது எல்லோரும் கவனமாக இருப்பார்கள். நம்பரை அவரவர் இஷ்டத்துக்குச் சுருக்குவார்கள்.

இரண்டு என்ட்ரி எப்படி வந்திருக்கும் என்றும் யோசியுங்கள். சரக்கு விற்பனைக்கு ஜிஎஸ்டி விதிப்படி பில் மூன்று பிரதி. ஒன்று வாங்குபவருக்கு, ஒன்று லாரிக்காரருக்கு, ஒன்று சப்ளையருக்கு. லாரியோடு வந்த பிரதி கேட்டில் வாங்கப்பட்டு ஸ்டோர் வழியாக உங்கள் மேசைக்கு வரும். ஒரிஜினல் கூரியரிலோ வாட்ஸ்அப்பிலோ தனியாக வரும். நான் பார்த்த இரட்டை என்ட்ரிகளில் பெரும்பாலானவை இப்படி இரண்டு வழியில் வந்த ஒரே பில்தான். அதில் ஏமாற்று எதுவும் இருக்காது.

உங்கள் பர்சேஸ் ரிஜிஸ்டரில் இது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் (தேதியும் தொகையும் உதாரணத்துக்கு):

```
12-06-2024   SP/0147/24-25   84,500.00
14-06-2024   147             84,499.60
```

மூன்று இடத்தில் வித்தியாசம். ஸ்டோரில் எழுதியவர் முன்னெழுத்தையும் ஆண்டையும் விட்டுவிட்டார். பில் தேதிக்குப் பதில் சரக்கு வந்த தேதியைப் போட்டார். ஒருவர் ரவுண்ட் ஆஃப் செய்தார், மற்றவர் செய்யவில்லை. நம்பர், தேதி, தொகை மூன்றும் அப்படியே பொருந்த வேண்டும் என்று தேடினால் இது ஒருநாளும் சிக்காது.

ரிஜிஸ்டரை எக்ஸெலுக்கு எடுங்கள். A காலத்தில் சப்ளையரின் GSTIN, B-யில் தேதி, C-யில் பில் நம்பர், E-யில் வரிக்கு முந்தைய மதிப்பு. சப்ளையர் பெயரை வைக்காதீர்கள். ஒரே ஆளுக்கு 'ஸ்ரீ' போட்டு ஒரு லெட்ஜர், போடாமல் ஒரு லெட்ஜர் இருக்கும், GSTIN-க்கு அந்தச் சிக்கல் கிடையாது. அது இல்லாத சிறு ஜாப்வொர்க்காரர்களுக்கு வங்கிக் கணக்கு எண்ணை வைக்கலாம், ஆனால் முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்து வையுங்கள். காரணம் கீழே வருகிறது. மொத்தத் தொகைக்குப் பதில் வரிக்கு முந்தைய மதிப்பை எடுக்கச் சொல்வது, டிடிஎஸ் பிடித்தது, பிடிக்காதது என்று மொத்தம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால்தான். இப்போது F2-வில் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=COUNTIFS($A:$A,A2,$E:$E,">="&E2-1,$E:$E,"<="&E2+1)
```

ஒரே சப்ளையர், ஒரு ரூபாய் வித்தியாசத்துக்குள் அதே மதிப்பு எத்தனை முறை வருகிறது என்று இது எண்ணும். 2-ம் அதற்கு மேலும் வருவதை மட்டும் வடிகட்டி, A, E வரிசையில் அடுக்குங்கள். உங்கள் ஜோடி அடுத்தடுத்த வரியில் வந்து நிற்கும். ஏற்கெனவே பணம் போன பில்களும், போன நிதியாண்டின் பில்களும் இந்தத் தாளில் கட்டாயம் இருக்க வேண்டும். மார்ச் கடைசியில் ஏற்றிய பில்லை ஏப்ரலில் புதிய ஆண்டுக் கணக்கில் மறுபடி ஏற்றுவது சகஜம், பாக்கிப் பட்டியலை மட்டும் பார்த்தால் அது தெரியாது.

நம்பரைக் கண்ணால் பார்க்கும் நேரம் இதுதான். முன்னெழுத்து, ஆண்டு, முன்னால் உள்ள சைபர்களை மனதில் நீக்கினால் ஒன்றாகிறதா? 147-க்குப் பதில் 174 என்று இலக்கம் இடம் மாறியிருக்கிறதா? சைபருக்குப் பதில் ஆங்கில O விழுந்திருக்கிறதா? பட்டியல் நீளமாக வந்தால் இப்படி ஒரு துணைக் காலம் வைத்துக்கொள்ளலாம்:

```
="X"&SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(UPPER(C2),"/",""),"-","")," ","")
```

இது சாய்கோடு, சிறுகோடு, இடைவெளி வித்தியாசங்களை ஒன்றாக்கும். ஆனால் உங்கள் ஜோடியில் ஒன்று XSP01472425, மற்றது X147 என்றுதான் வரும், இரண்டும் சேராது. அதனால்தான் நம்பரை மட்டும் நம்ப முடியாது என்கிறேன். முன்னால் உள்ள X விளையாட்டுக்கு இல்லை. ஜிஎஸ்டியில் பில் நம்பர் 16 எழுத்து வரை போகலாம். எக்ஸெல் எண்ணில் 15 இலக்கம்தான் நிற்கும். இலக்கம் மட்டுமே உள்ள 16 இலக்க நம்பர்கள் கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபட்டால் COUNTIFS இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடும், எழுத்து சேர்ந்தால் அந்தக் குழப்பம் வராது. C காலத்தை முன்கூட்டியே Text ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் 3/24 என்று தட்டிய நம்பர் தேதியாக மாறிவிடும்.

'ஏறக்குறைய ஒத்த' நம்பர்களைத் தேடும் கருவி வாங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். பில் நம்பரில் அது ஆபத்து. 147-க்கும் 148-க்கும் ஓர் இலக்கம்தான் வித்தியாசம், ஆனால் அவை அடுத்தடுத்த இரண்டு உண்மையான பில்கள். தண்ணீர் லாரிக்காரர் ஒரே நாளில் இரண்டு நடை ஓட்டினால் நம்பர் 147, 148, தேதி ஒன்று, தொகையும் ஒன்று. இதை இரட்டை என்று நிறுத்தினால் அவர் அடுத்த நாள் வாசலில் நிற்பார்.

இங்கே முடிவு சொல்வது சரக்கு வரவுக் குறிப்பு. இரண்டு நடை வந்திருந்தால் கேட் என்ட்ரியும் வரவுக் குறிப்பும் இரண்டிரண்டு இருக்கும். ஒரே பில் இரண்டு முறை ஏறியிருந்தால் இரண்டும் ஒரே வரவுக் குறிப்பைக் காட்டும், அல்லது ஒன்றுக்கு வரவே இருக்காது. ஒரு வரவுக் குறிப்பு எண்ணை ஒரு பில்லுக்குத்தான் பயன்படுத்த வேண்டும் என்று கண்டிப்பாக வைத்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. வாடகை, செக்யூரிட்டி மாதிரி மாதந்தோறும் அதே தொகை வருபவற்றுக்கு வரவுக் குறிப்பு இருக்காது. அவற்றில் எந்த மாதத்துக்கான பில் என்று மட்டும் பாருங்கள்.

இன்னொரு சாட்சி GSTR-2B. ஒரு மாதத்துப் பில்கள் அடுத்த மாதம் 14-ம் தேதி உருவாகும் அந்த அறிக்கையில் சப்ளையர் தாக்கல் செய்தபடி வரும். 45 நாள் கடனில் வாங்குபவர்களுக்கு அது பணம் கட்டும் முன்பே கையில் இருக்கும். உங்கள் புத்தகத்தில் அந்தத் தொகைக்கு இரண்டு பில், 2B-யில் ஒன்று என்றால் சந்தேகத்தை உடனே சப்ளையரிடம் கேட்டுவிடுங்கள். அவர் தாமதமாகத் தாக்கல் செய்திருந்தாலும் ஒன்று குறையலாம், எனவே 2B-யை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரட்டையாக ஏறிய பில்லுக்கு உள்ளீட்டு வரியும் எடுத்திருந்தால் அதைத் திருப்ப வேண்டியிருக்கும், ஆடிட்டரிடம் சொல்லுங்கள்.

பெரிய சப்ளையர்களிடம் வேலை சுலபம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்களின் பில்லில் க்யூஆர் கோடும் 64 எழுத்துள்ள IRN-ம் இருக்கும். கையால் தட்டாமல் ஸ்கேன் செய்து அந்த IRN-ஐயே தனிக் காலத்தில் போட்டுவிட்டால், லாரியில் வந்த பிரதியிலும் கூரியரில் வந்ததிலும் அது ஒன்றாகவே இருக்கும். உங்கள் அட்டைப்பெட்டிக்காரர் அந்த அளவுக்கு இல்லையென்றால், பேமென்ட் பட்டியல் போடும் நாளுக்கு முந்தைய நாள் மேலே சொன்ன F காலத்தை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.