காலையில் குழாயில் காவித் தண்ணீர் வந்தால் ஈயக் குழாயா?

"கொழிஞ்சாம்பாறை பக்கம் தாத்தா கட்டின ஓட்டு வீடு சார், அறுபது வருஷத்துக்கு மேல ஆகுது. காலையில சமையலறைக் குழாயைத் திறந்தா காவி நிறத்துல தண்ணி வருது. மீட்டர் பக்கத்துல ஒரு சாம்பல் நிறக் குழாய் இருக்கு, அது ஈயம்னு பிளம்பர் சொல்றார். சுவரெல்லாம் உடைச்சு மாத்தணும், ஒன்றே முக்கால் லட்சம் ஆகுமாம். வீட்டில் ரெண்டு வயசுப் பேத்தி இருக்கா. என்ன செய்யட்டும்?"

காவி நிறம் ஈயத்தால் வருவதில்லை. தண்ணீரில் ஈயம் இருந்தால் நிறமோ வாசனையோ ருசியோ மாறாது. உங்கள் குழாயில் வருவது துரு, அதாவது இரும்பு. ஆகவே இரண்டு விஷயத்தைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்: அந்தச் சாம்பல் குழாய் என்ன, சமையலறைக் குழாய்க்கு என்ன ஆச்சு. பிளம்பர் இரண்டையும் ஒன்றாக்கிப் பயமுறுத்தினால் அவருக்கு வேலை பெரிதாகிறது, அவ்வளவுதான்.

சாம்பல் குழாயில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், பிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற பொம்மை போதும். ஒட்டினால் அது ஜிஐ, துத்தநாகம் பூசிய இரும்பு. ஒட்டாவிட்டால் ஒரு ரூபாய் நாணயத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். ஈயம் மெழுகு மாதிரி இளகிக் கொடுக்கும், கீறிய இடம் வெள்ளி போலப் பளபளக்கும், தட்டினால் மணி ஓசை வராது, மொத்தென்று கேட்கும். ஈயக் குழாய் மறை போட்டு இணைப்பதல்ல, இணைப்பு முடிச்சு போட்ட மாதிரி உப்பி நிற்கும். சுரண்டிய பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அறுபது வருஷ வீடுகளில் நான் பார்த்தவரை பத்துக்கு ஒன்பது ஜிஐதான். ஈயம் இன்னும் பழைய வீடுகளில், அதுவும் தெருக் குழாயிலிருந்து மீட்டருக்கு வருகிற சின்னத் துண்டில்தான் கிடைக்கும்.

சரி, காவித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? காலையில் முதலில் வருவதை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள். அஞ்சு நிமிஷம் ஓட விட்டு இன்னொரு கிண்ணம். முதலாவது காவியாகவும் இரண்டாவது தெளிவாகவும் இருந்தால் ராத்திரி முழுக்கக் குழாய்க்குள் தேங்கி நின்ற துரு அது. மாறாகப் பிடிக்கும்போது தெளிவாக இருந்து, மூன்று நான்கு மணி நேரம் வைத்த பிறகு மஞ்சளாகி அடியில் படிந்தால் அது போர்த் தண்ணீரிலேயே கரைந்திருக்கிற இரும்பு. குழாயை மாற்றினாலும் அது போகாது. நம் பக்கத்தில் பாதிப் பேர் போர்த் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் ஒரே தொட்டியில் விடுவதால் இந்தக் குழப்பம் அதிகம்.

பிறகு ஒரு பத்து லிட்டர் வாளியை எடுத்து ஒவ்வொரு குழாயிலும் நிரம்ப எவ்வளவு நேரம் என்று பாருங்கள். பாலக்காட்டுச் சித்தூரில் ஒரு வீட்டில் குளியலறையில் ஒரு நிமிஷத்தில் நிரம்பியது, சமையலறையில் நாலு நிமிஷம். தொட்டி ஒன்றுதான், உயரமும் ஒன்றுதான். டேப்பைக் கழற்றிப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது. பின்னால் அரை அங்குல ஜிஐயை ஒரு சாண் அறுத்தபோது உள்ளே துரு மொட்டு மொட்டாகக் கட்டி, பென்சில் நுழைய மட்டும் ஓட்டை இருந்தது. குளியலறைக் குழாய் வேறு வரிசை, பிற்காலத்தில் போட்டது, நல்ல நிலையில் இருந்தது, அதைத் தொடவில்லை. உங்கள் வீட்டிலும் எது கெட்டதோ அதை மட்டும் மாற்றினால் போதும்.

இதற்குச் சுவர் உடைக்கத் தேவையே இல்லை. பழைய குழாயைச் சுவருக்குள்ளேயே விட்டு இரண்டு முனையையும் அடைத்துவிட்டு, புதுசைச் சுவர் மேலாக ஓட்டலாம். அந்த வீட்டில் இருபத்திரண்டு மீட்டர் சிபிவிசி பிளாஸ்டிக் குழாய், ஒன்றரை நாள் வேலை. பழைய செங்கல் சுண்ணாம்புச் சுவரை உளியால் உடைத்தால் பூச்சோடு செங்கல்லும் வரும், பிறகு கொத்தனாருக்கு வேறு பில். பழைய குழாயில் ஆசிட் ஊற்றித் துருவைக் கரைக்கிறேன் என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். சில இடங்களில் குழாயைத் தாங்கிக்கொண்டிருப்பதே அந்தத் துருதான்.

ஒன்று மட்டும் நன்றாகக் கேளுங்கள், இதை யாரும் சொல்ல மாட்டார்கள். பழைய வீடுகளில் மின்சாரத்தின் எர்த் ஒயரைத் தண்ணீர்க் குழாயில்தான் கட்டியிருப்பார்கள். குழாய் மண்ணுக்குள் போவதால் அது வேலையும் செய்யும். நீங்கள் நடுவில் பிளாஸ்டிக் போட்ட அன்றே எர்த் அறுந்துவிடும், விளக்கு எரியும், மோட்டார் ஓடும், ஒன்றும் தெரியாது. பிரிட்ஜில் ஒரு கசிவு வருகிற நாளில்தான் தெரியும். சித்தூர் வீட்டில் மீட்டர் பலகையிலிருந்து ஒரு பச்சை ஒயர் வந்து தோட்டத்துக் குழாயில் கிளிப் போட்டு நின்றது, வீட்டுக்காரர் அதைத் துணி காயப்போடுகிற கம்பி என்றே நினைத்திருந்தார். வயர்மேன் வந்து தனி எர்த் குழி போட்டு, அளந்து, ஒயரை மாற்றிய பிறகுதான் குழாயில் ரம்பம் வைத்தோம். பிளம்பருக்கு இது தெரியாது, வயர்மேனுக்குக் குழாய் மாறுவது தெரியாது. இருவரையும் ஒரே நாளில் கூப்பிடுங்கள்.

ஈயமாகவே இருந்தால்? மீட்டரிலிருந்து வீடு வரை உங்கள் பகுதி முழுவதையும் மாற்றுங்கள், பாதியை விடாதீர்கள். பாதி அறுத்தால் அசைத்த அசைவில் மிச்சக் குழாயிலிருந்து ஈயத் துகள் வாரக்கணக்கில் வரும். மீட்டருக்கு முந்தைய துண்டில் கை வைக்கக் கூடாது, வாட்டர் அத்தாரிட்டி பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அவர்கள் ரோடு வெட்ட அனுமதி வாங்கி வரச் சொல்வார்கள், அங்கே போனால் இங்கிருந்து கடிதம் கேட்பார்கள். ரோட்டுக்கு அடியில் ஒரு முழம் குழாய்க்கு மாதக்கணக்கில் நடந்தவர்களை எனக்குத் தெரியும், நகலும் ரசீதும் பத்திரமாக வையுங்கள். அதுவரை பேத்திக்குக் குடிக்க, பால் கலக்க அந்தத் தண்ணீர் வேண்டாம். கொதிக்க வைத்தால் ஈயம் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும்.

இதற்கிடையில் பியூரிஃபையர் விற்கிறவர் வருவார். டிடிஎஸ் மீட்டரில் எண்ணைக் காட்டுவார், அதற்கு உப்பு தெரியும், ஈயம் தெரியாது. பிறகு இரண்டு கிளாஸில் இரண்டு கம்பி விட்டுக் கரண்ட் கொடுப்பார், உங்கள் தண்ணீர் சாக்கடையாகும், அவருடையது தெளிவாக நிற்கும். அந்த அழுக்கு அவர் கம்பியிலிருந்து கரைந்த இரும்பு. உப்பில்லாத தண்ணீரில் கரண்ட் பாயாது, அதனால் அது தெளிவு. ஒரு சிட்டிகை உப்பை அவர் கிளாஸில் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள், பெட்டியை மூடிவிடுவார்.

உண்மையில் தெரிய வேண்டுமென்றால் ஆய்வகம்தான். சாதாரணப் பரிசோதனையில் ஈயம் சேராது, தனியாகக் கேட்க வேண்டும். ராத்திரி தேங்கிய தண்ணீரின் முதல் லிட்டர் ஒரு பாட்டில், ஓடவிட்ட பிறகு ஒரு பாட்டில். லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் குடிநீர்த் தரம். முதல் பாட்டிலில் அதிகம், இரண்டாவதில் குறைவு என்றால் ஈயம் வீட்டுக் குழாயிலோ டேப்பிலோ இருக்கிறது.

புதுக் குழாயைப் பிளம்பர் சொல்லும் கடையில் கண்ணை மூடி வாங்காதீர்கள், அவருக்கு அங்கே கமிஷன் இருக்கும். மீட்டர் கணக்கில் பட்டியல் எழுதி வாங்கி, சாமானை நீங்களே எடுங்கள். சிபிவிசி என்றால் குழாய் மேல் ஐஎஸ் 15778 என்றும், ஐஎஸ்ஐ முத்திரையோடு சிஎம்/எல் எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும், அந்த எண்ணை BIS Care செயலியில் போட்டால் உரிமம் உண்மையா என்று காட்டும். வெயில் படுகிற இடத்தில் பெயிண்ட் அடியுங்கள். பசை டப்பாவில் எழுதியுள்ள நேரம் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டு, எல்லா டேப்பையும் தொட்டிக்குத் தண்ணீர் வருகிற வழியையும் மூடி, தொட்டி மட்டத்தில் ஒரு கோடு போட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். கோடு இறங்காவிட்டால்தான் மிச்சக் கூலி. அப்புறம் டேப் முனைச் சல்லடைகளைக் கழற்றிக் கழுவி, பத்து நிமிஷம் ஓட விட்டு, இரண்டு வாரம் கழித்து இன்னொரு பாட்டில் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அந்த ரிசல்ட் வருகிற வரை பேத்தியின் பாலுக்கு வேறு தண்ணீரே இருக்கட்டும்.