துக்கத்தில் இருக்கும் நண்பனைக் கலாய்ப்பதை எங்கே நிறுத்துவது? கேள்வி பதில்

பதில் சொல்பவர் நோய்த்தணிப்புப் பிரிவில் துக்க ஆலோசகர். சொத்துத் தகராறு, விவாகரத்துச் சட்டம் பற்றிய கேள்விகளை அனுப்ப வேண்டாம்.

சுண்டல்: நாங்க அஞ்சு பேர், காலேஜ்ல இருந்தே கலாய்ச்சுக்கிட்டே இருக்கிற கும்பல். ஒருத்தனோட அப்பா மூணு வாரம் முன்னாடி ஹார்ட் அட்டாக்ல போயிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு வேலைக்கும் போறான். நேத்து அவனே குரூப்ல "அப்பா இருந்தா ஆளில்லாத ரூம்ல யாருடா ஃபேன் போட்டதுன்னு கத்தியிருப்பார்"னு போட்டான். ரெண்டு பேர் சிரிச்சாங்க. ஒருத்தன் "இனி கரண்ட் பில் உன் தலையிலதான் மாப்ள"ன்னு போட்டான். அதுக்கப்புறம் ஆளையே காணோம். அவன்தானே முதல்ல ஜோக் அடிச்சான்?

பதில்: அடித்தார். ஆனால் அந்த ஜோக் அப்பாவைப் பற்றியது. அந்த வீட்டில் தினமும் கேட்ட ஒரு குரலை அவர் உங்கள் நடுவே கொண்டுவந்து வைத்தார். சிரித்த இருவர் செய்தது சரி. மூன்றாமவர் பேச்சை அப்பாவிடமிருந்து எடுத்து மகன் மேல் திருப்பிவிட்டார். அதோடு மகனுக்கு இப்போது எது சுமையோ, சரியாக அதன் மேலேயே கை வைத்துவிட்டார்.

காரியம் முடிந்த பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். இறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும், வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் போக வேண்டும், பேங்கில் நாமினி பேப்பர் கொடுக்க வேண்டும், மின் இணைப்பைப் பெயர் மாற்ற வேண்டும். கரண்ட் பில் நிஜமாகவே அவர் தலையில்தான் வந்து விழுந்திருக்கிறது. உங்களுக்கு அது ஜோக். அவருக்கு அது நாளைக்குச் செய்ய வேண்டிய வேலை.

இந்த மாதிரி நேரத்தில் நான் சொல்லும் அளவு ஒன்றுதான்: அவர் வைத்ததைவிட ஒரு படி கீழேயே நில்லுங்கள். அவர் அப்பாவைப் பற்றி ஒரு சிரிப்பு கொடுத்தால், நீங்கள் அப்பாவைப் பற்றி ஒரு நினைவைக் கொடுங்கள். "ஆமாடா, நாங்க நைட் படிக்க வந்தப்பவும் ஹால் லைட்டை அணைச்சிட்டுத்தான் படுக்கப் போவார்" என்று போட்டிருந்தால் போதும். அவர் விரும்பினால் பேச்சு நீளும், இல்லையென்றால் அங்கேயே அழகாக நிற்கும். இறந்தவரின் பழக்கங்களைப் பற்றி மகன் கேலி செய்யலாம், நீங்கள் ரசிக்கலாம். அவர் எப்படி இறந்தார், என்ன கடன் வைத்தார், குடித்தாரா என்பதெல்லாம் மகனே ஆரம்பித்தாலும் நீங்கள் தொடரக் கூடாதவை.

இப்போது செய்ய வேண்டியது: கரண்ட் பில் போட்டவரே தனியாக ஒரு மெசேஜ் அனுப்பட்டும். "பில் பத்திப் போட்டது தப்புடா, மன்னிச்சிரு. இதுக்கு நீ பதில் போட வேண்டாம்." அவ்வளவுதான். "ஜாலிக்குத்தான் சொன்னேன்" என்று சேர்த்தால் மன்னிப்பு செத்துவிடும். "பதில் போட வேண்டாம்" என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். இல்லாவிட்டால் "பரவால்லடா, விடு" என்று அவர் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும். குரூப்பில் மன்னிப்புக் கேட்காதீர்கள், நாலு பேர் பார்க்க அவர் பெருந்தன்மை காட்ட வேண்டியிருக்கும். அடுத்த வாரம் ஈ.பி. ஆபீஸுக்கு யாராவது கூடப் போங்கள்.

மழைக்காகம்: பழையபடி கலாய்க்க எத்தனை நாள் விடணும்? பதினாறா, முப்பதா?

பதில்: அந்த நாள்கள் சடங்குக்கானவை. பதினாறாம் நாள்வரை வீட்டில் ஆள் இருக்கும், சமையல் இருக்கும், யாராவது பேசிக்கொண்டே இருப்பார்கள். உறவினர் கிளம்பிய பிறகுதான் வீடு காலியாகும். வெளியில் இருப்பவர்கள் "முடிஞ்சுது" என்று நினைக்கும் நேரமும் அதுவே, அதனால் அதிகம் காயப்படுத்துவதும் அப்போதுதான். நாளை எண்ணுவதைவிட, அவர் உங்களைக் கலாய்க்க ஆரம்பித்துவிட்டாரா என்று பாருங்கள். தன்னையோ அப்பாவையோ விட்டுவிட்டு, உங்கள் தொப்பையையோ பைக்கையோ அவராகவே சீண்டினால், விளையாட்டுக்குத் திரும்பி வருகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். அதன் பிறகும் முதல் தீபாவளி, இறந்தவரின் பிறந்தநாள், தலைத் திவசம் வரும் வாரங்களில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

கூகுள் மாமா: 36 நாள் கழிச்சா ஜோக் ஒர்க் ஆகும்னு ஆராய்ச்சியே இருக்கே?

பதில்: பாதி சரி. 2012-இல் அமெரிக்காவைத் தாக்கிய சாண்டி புயலைப் பற்றிய ட்விட்டர் ஜோக்குகளை வெவ்வேறு நாள்களில் பொதுமக்களிடம் காட்டிக் கேட்டார்கள். சுமார் 36-ஆம் நாளில் அவை அதிகம் வேடிக்கையாகத் தெரிந்தன, பிறகு சுவை குறைந்தது. தள்ளி நின்று செய்தி படித்தவர்களின் கணக்கு அது. துக்கம் நடந்த வீட்டுக்காரரின் கணக்காக அதை எடுக்க முடியாது.

புதுசு: எத்தனை நாள் கழிச்சு நார்மலா பேசலாம்?

பதில்: பேச்சை இன்றே பேசலாம். கேலிக்கு மழைக்காகத்துக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

கடைசி பெஞ்சு: எனக்கு இது ஒத்துவரல. எல்லாரும் மூஞ்சியத் தொங்கப்போட்டு "சாப்ட்டியா, தூங்கினியா"ன்னு கேட்டா அவனுக்கு இன்னும் பாரம். நாங்க வழக்கம்போல இருந்தாத்தான் அவனும் மனுஷனா இருப்பான். சிரிச்சவங்க சீக்கிரம் தேறினாங்கன்னும் படிச்சிருக்கேன்.

பதில்: நீங்கள் படித்தது கெல்ட்னர், பொனானோ இருவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வாக இருக்கும். துணையை இழந்தவர்கள் இறந்தவரைப் பற்றிப் பேசும்போது, கண்ணும் சேர்ந்து சிரித்தவர்களுக்கு வேதனை குறைவாக இருந்தது. ஆனால் அங்கே யாரும் அவர்களைக் கலாய்க்கவில்லை. பேச்சின் நடுவே சிரிப்பு அவர்களிடமிருந்தே வந்தது. வேதனை குறைந்தவர்களுக்குத்தான் சிரிப்பு வந்ததோ என்னவோ, அதையும் யோசிக்க வேண்டும்.

உங்கள் முதல் பாதியை ஒத்துக்கொள்கிறேன். துக்கத்தில் இருப்பவர் ஒரு மணி நேரம் உடைந்து கிடப்பார், அடுத்த மணி நேரம் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பார். இரண்டும் நிஜம். ஸ்கோர் கேட்கும்போது ஸ்கோர் சொல்லுங்கள், மீம் அனுப்புங்கள், உங்களுக்குள் ஒருவரை ஒருவர் கலாய்த்துக்கொள்ளுங்கள். அம்பை மட்டும் அவர் பக்கம் திருப்ப வேண்டாம்.

கடைசி பெஞ்சு: அவனை மட்டும் விட்டுட்டா "என்னை ஒதுக்குறாங்க"ன்னு தோணாதா?

பவழமல்லி: தோணும். எங்கம்மா போனப்போ எனக்கு அதுதான் நடந்துச்சு. நான் உள்ள வந்தா எல்லாரும் பேச்சை நிறுத்துவாங்க. யாராவது ஒரு கடி ஜோக் சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு.

பதில்: பவழமல்லி, உங்களுக்கு வலித்தது பேச்சு நின்றது. கேலி குறைந்ததாலா, ஆட்கள் ஒதுங்கியதாலா என்று பிரித்துப் பாருங்கள். அந்த அறையில் ஒருவர் இன்னொருவரைக் கலாய்த்துக்கொண்டே உங்களுக்கு இடம் விட்டிருந்தால் அப்படி இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

பவழமல்லி: இல்லைங்க. என்னையேதான் கலாய்க்கணும்னு இருந்துச்சு. பழைய ஆளா யாராவது பாக்கணும்னு.

பதில்: அப்படியானால் உங்கள் விஷயத்தில் கடைசி பெஞ்சு சொன்னதே சரி. ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரிய வழியில்லை. நெருங்கிய ஒருவர் தனியாக, ஒரே ஒரு தடவை, "பழையபடி ஓட்டலாமா, இப்போதைக்கு வேண்டாமா?" என்று கேட்டுவிடலாம். குரூப்பில் கேட்டால் எல்லோரும் "ஓட்டுங்கடா" என்றுதான் சொல்வார்கள்.

வல்லிபுரம்: யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுறன். எங்கட பக்கம் 31 ஆம் நாள் அந்தியேட்டி முடிஞ்சாப் பிறகுதான் வீட்டுக்காரர் கொஞ்சம் வெளிய வருவினம். ஆனா தொண்ணூறு வயசில போன ஆச்சியின்ர செத்த வீட்டில பேரப்பிள்ளையள் பகிடி விட்டுச் சிரிச்சதைப் பார்த்திருக்கிறன். அதுவும் பிழையோ?

பதில்: பிழை இல்லை. தமிழ்நாட்டில் கல்யாணச் சாவு என்று வேட்டுப் போட்டு, பறையடித்து ஆடி அனுப்புவதும் உண்டு. ஆனால் தொண்ணூறு வயது என்பது ஊருக்குத்தான் கல்யாணச் சாவு. அந்த ஆச்சியைப் பத்து வருடம் குளிப்பாட்டி ஊட்டிய மகளுக்கு அது தாய் போன நாள். பேரப்பிள்ளைகள் சிரிக்கட்டும், மகள் உட்கார்ந்திருக்கும் திண்ணைக்குத் தள்ளி.

கடைசி பெஞ்சு: மகளே சேர்ந்து ஆடினதை நான் பாத்திருக்கேன் மேடம். தள்ளித்தான் சிரிக்கணும்னு சொன்னா ஊர்ல ஒத்துக்க மாட்டாங்க.

பதில்: மகளே ஆடினால் கேள்வியே இல்லை. அவர் ஆடுகிறாரா என்று பார்த்துவிட்டு ஆடுங்கள் என்கிறேன். ஊர் ஒத்துக்கொள்ளாது என்பதையும் மறுக்கவில்லை.

தூரத்துச் சொந்தம்: துக்கம் விசாரிக்கப் போறப்போ மனசு லேசாக ரெண்டு நல்ல ஜோக் சொல்லுங்களேன்.

பதில்: இங்கே கிடைக்காது. போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

தறி: சிரிச்சுக்கிட்டேதான் இருக்கான், ஆனா உள்ள எப்படி இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்: சிரிப்பை அளவுகோலாக வைக்காதீர்கள், இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது. நம் ஊர் ஆண்கள் அழுவதற்குப் பதிலாகச் சிரிக்கப் பழகியவர்கள். சிரிப்புக்குப் பிறகு வருவதைப் பாருங்கள். பிடித்திருந்தால் ஒரு பதிலடி வரும், பேச்சு ஓடும். பிடிக்காவிட்டால் சிரிப்பு அரை நொடி தாமதமாக வரும், கண் போனுக்குப் போகும், உங்கள் ஜோக்குக்கு அவர் சீரியஸாக விளக்கம் சொல்வார், அல்லது டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுவார். குரூப்பில் என்றால், வழக்கமாக நாலு வரி எழுதுபவர் ஒற்றை ஸ்மைலியோடு நிறுத்துவார். ஒரு தடவை என்றால் தற்செயலாக இருக்கலாம். ஒரே மாலையில் இரண்டு தடவை நடந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். "என்னடா கோச்சுக்கிட்டியா?" என்று கேட்டு நிறுத்தாதீர்கள். பேச்சை வேறு ஆள் பக்கம் திருப்புங்கள்.

ரிசைன் ராஜா: சாவு இல்லைங்க, வேலை போயிடுச்சு ஃப்ரெண்டுக்கு. ஆறு மாசமாச்சு. அவனே "நான் வேஸ்ட் பீஸ்டா, நான் இல்லன்னா வீட்டுல ஒரு செலவு மிச்சம்"னு சொல்லிச் சிரிக்கிறான். நாங்களும் சிரிக்கிறோம். ஓகேதானே?

பதில்: ஓகே இல்லை. "வேஸ்ட் பீஸ்" வரை தன்னைத் தாழ்த்திச் சொல்லும் கேலி. அதற்கே கூடச் சேர்ந்து சிரிக்காமல் "அப்படி இல்லடா" என்று விட்டுவிடுவது நல்லது. "நான் இல்லன்னா" என்ற இடத்தில் சிரிப்பை உடனே நிறுத்துங்கள். இல்லாமல் போவது, மற்றவருக்குப் பாரமாக இருப்பது, எல்லாம் முடிந்தால் நிம்மதி என்ற மூன்றும் ஜோக்குக்குள் வந்தாலும் ஜோக்காக எடுக்காதீர்கள்.

இன்றைக்கே தனியாகச் சந்தித்து நேராகக் கேளுங்கள்: "நேத்து நீ இல்லன்னா செலவு மிச்சம்னு சொன்னியே, தற்கொலை எண்ணம் வருதாடா?" கேட்பதால் அந்த எண்ணத்தை நீங்கள் விதைத்துவிட மாட்டீர்கள். பெரும்பாலும் யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இருப்பார்கள். "ஆமா" என்றாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ தனியாக விடாதீர்கள். கூட இருந்தபடியே 14416-க்குப் போன் போடுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசுவார்கள். வீட்டில் ஒருவருக்குச் சொல்லுங்கள். அவர் ரகசியம் கேட்டாலும் இதை ரகசியமாக வைக்க வேண்டாம். இதைச் செய்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள், மற்ற கேள்விகள் காத்திருக்கலாம்.

சுண்டல்: இன்னொண்ணு. அவன் அப்பா கல்யாணத்துல ஆடின போட்டோவ வச்சு ஒரு ஸ்டிக்கர் பண்ணியிருந்தோம், எல்லார் போன்லயும் இருக்கு. டெலிட் பண்ணிடலாமா?

பதில்: அனுப்புவதை இப்போதே நிறுத்துங்கள். கை தவறி அனுப்பிவிடாமல் இருக்க ஒவ்வொருவரும் ஸ்டிக்கர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆனால் மூலப் படத்தை அழிக்காதீர்கள். அப்பா ஆடிய படம் அவரிடம் வேறு இல்லாமலும் இருக்கலாம். கொஞ்ச நாள் போகட்டும், "உங்கப்பா ஆடின போட்டோ ஒண்ணு எங்ககிட்ட இருக்கு, வேணுமா?" என்று ஒருவர் தனியாகக் கேளுங்கள்.