ஆத்தா என்று பேத்தியைக் கூப்பிடும் ஊர்

கேள்வி: தை மாதம் கல்யாணமாகி ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊருக்கு வாழப் போகிறேன். எங்கள் வீட்டில் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அவருடைய அக்காவுக்கு நான்கு வயதில் ஒரு பெண் பிள்ளை. கண்ணு, செல்லம் என்று நான் கூப்பிட்டால் ஒட்டிக்கொள்வாளா? செயற்கையாகத் தெரியாதா?

பதில்:

ஒட்டிக்கொள்வாள், பயப்படாதீர்கள். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். எங்கள் கரையில் பிள்ளைகள் வீட்டுக்குள் அதிகம் கேட்டு வளர்வது கண்ணும் செல்லமும் இல்லை. ஆத்தா, அய்யா, அப்பு, தாயி என்ற சொற்களைத்தான். நான் பாம்பனில் பிறந்து வளர்ந்தவள். பக்கத்து ஊர் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்தால் அதன் அம்மாவிடம் நான் முதலில் கேட்பது, "வீட்டில் யார் யார் இதை எப்படிக் கூப்பிடுவீர்கள்?" என்பதுதான்.

மூன்று வயதுப் பேத்தியை அப்பத்தா "ஆத்தா, வந்து சாப்பிடு" என்பார். அந்தப் பிள்ளையும் அவரை ஆத்தா என்றுதான் கூப்பிடும். இரண்டு பேருக்கும் ஒரே சொல். பேரனுக்கு அய்யா, அப்பு. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று சட்டென்று பிடிபடாது. இதற்குக் காரணம் இருக்கிறது. பாட்டன், பாட்டி பெயரைப் பேரப்பிள்ளைகளுக்கு வைக்கிற வழக்கம் இங்கே இன்னும் போகவில்லை. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதும் பழைய கட்டுப்பாடு. அந்தப் பெயரே மகனுக்கு வைக்கப்பட்டுவிட்டால் அவள் எப்படிக் கூப்பிடுவாள்? "அய்யா" என்றுதான். கட்டுப்பாடு இன்றைக்குத் தளர்ந்துவிட்டது, ஆனால் அந்த வாய் மாறவில்லை. பெயருக்காக வந்த மரியாதை பாசமாகவே பிள்ளையிடம் தங்கிவிட்டது. அதனால்தான் அரைஞாண் கயிறு மட்டும் கட்டிய பயலைக்கூட "வாங்கய்யா, உட்காருங்கய்யா" என்று கிழவிகள் பன்மையில் அழைப்பதைக் கேட்பீர்கள். விளையாட்டுக்குச் சொல்வதில்லை அது. தன் தகப்பனாரையோ வீட்டுக்காரரையோ அந்தப் பிள்ளையிடம் பார்த்துக்கொண்டுதான் சொல்கிறார்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் முஸ்லிம் வீடுகளிலும் இதே வழக்கம், சொல் மட்டும் வேறு. மகனை "வாப்பா" என்பார்கள், மகளை "உம்மா" என்பார்கள். அந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் தகப்பனார் வளைகுடா நாட்டில் இருப்பார். வீடியோ அழைப்பு வந்ததும் அவர் முதலில் சொல்வது "உம்மா, சாப்பிட்டீங்களா?" என்பதுதான். எனக்குத் தெரிந்த ஒரு சிறுமிக்கு அப்போது இரண்டரை வயது. தகப்பனார் விடுமுறை முடிந்து போனபோது கைக்குழந்தை. திரையில் தெரிகிற முகம் அவளுக்குச் சரியாகப் பிடிபடாது, வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாள். "உம்மா" என்ற குரல் கேட்டதும் மட்டும் திரும்பி, தன் தட்டைத் தூக்கிக் காட்டுவாள். அவர் ஊருக்கு வந்தபோது அவளை உடனே தூக்கப் போகவில்லை. வாசலில் உட்கார்ந்து அந்தச் சொல்லைச் சொன்னார், பேசாமல் இருந்தார், திரும்பவும் சொன்னார். அவள் அம்மாவின் முந்தானைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். சாயங்காலம் தட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். அத்தனை மாதமும் ஒரே ஆள், ஒரே சொல், ஒரே வேளையில் கூப்பிட்டதால் வந்த நெருக்கம் அது. மாற்றி மாற்றிக் கூப்பிட்டிருந்தால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருந்திருக்காது.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெண்ணுக்கு உங்கள் வீட்டுக்காரர் தாய்மாமன். காது குத்தும்போது அவர் மடியில்தான் உட்கார்ந்திருப்பாள். அந்த உரிமையோடு வளர்ந்தவளுக்கு மாமாவின் மனைவி அத்தை. இடம் ஏற்கெனவே இருக்கிறது, நீங்கள் போய் உட்கார வேண்டியதுதான். ஆகவே முதல் சில நாட்கள் அவளுக்குப் பெயர் தேடாதீர்கள். உங்களை அவளுக்குச் சொல்லுங்கள். "நான் தருகிறேன்" என்பதற்குப் பதிலாக "அத்தை தருகிறேன்", "அத்தையிடம் வா" என்று பேசுங்கள். சிறு பிள்ளைகளிடம் நம் வீடுகளில் எல்லாரும் இப்படித்தான் பேசுகிறார்கள். தன்னைக் கூப்பிட வேண்டிய முறையை எதிரில் இருப்பவரே சொல்லிக் கொடுத்துவிடுவதால் பிள்ளைக்குத் தயக்கம் விட்டுவிடும்.

அவள் பாட்டி கூப்பிடும் சொல்லை உடனே எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் ஆசையாக முதலில் செய்வது இதைத்தான். நான்கு வயதுப் பிள்ளைக்கு எந்தச் சொல் யாருடையது என்று நன்றாகத் தெரியும். எங்கள் அங்கன்வாடியில் ஒரு சிறுமியை வீட்டில் அப்பத்தா மட்டும் "தாயி" என்பார். உதவியாளர் அக்கா அன்பாக அப்படிக் கூப்பிட்டதும் அவள் முகம் சுருங்கி, "அது எங்க அப்பத்தா சொல்றது" என்றாள். அந்த அக்கா "தங்கம்" என்று மாற்றிக்கொண்டார். தினமும் தலை பின்னிவிடும்போது மட்டும் அந்தச் சொல்லைச் சொன்னார். இரண்டு வாரத்துக்குள் சீப்பை எடுத்துக்கொண்டு அவளாகவே வர ஆரம்பித்துவிட்டாள்.

கண்ணு, செல்லம், தங்கம் எல்லாம் இதற்குத்தான் நல்ல சொற்கள். இவை யாருடைய உறவுப் பெயரும் இல்லை என்பதால் யாருடைய இடத்தையும் எடுத்துக்கொள்ளாது. ஆண், பெண் பேதமும் கிடையாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்குப் பழகும் வரை உங்களுக்குத்தான் கூச்சமாக இருக்கும், பிள்ளைக்கு இருக்காது. எடுத்ததும் "தங்கம், வா" என்று கூப்பிடுவது வரவில்லை என்றால், அவள் காது கேட்க, "தங்கம் தூங்கி எழுந்துவிட்டதா?" என்று வீட்டில் வேறு யாரிடமாவது கேளுங்கள். தன்னைப் பற்றி அந்தச் சொல்லில் பேசுகிறார்கள் என்று கேட்டுப் பழகிய பிறகு நேரில் கூப்பிட்டால் இயல்பாகப் பொருந்தும்.

கெடுவது ஓர் இடத்தில்தான். வேலை சொல்லும்போது மட்டும் அந்தச் சொல் வந்தால் பிள்ளை கண்டுபிடித்துவிடும். "செல்லம், அந்தச் செம்பை எடு", "செல்லம், அழாதே", "செல்லம், அங்கே போய் விளையாடு" என்றே ஒரு நாள் முழுக்கக் கேட்டவள், மறுநாள் செல்லம் என்றதும் திரும்பிப் பார்க்க மாட்டாள். ஒன்றும் கேட்காமல், சும்மா கடந்து போகும்போது ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். "என்ன?" என்று கேட்பாள். "ஒன்றுமில்லை, சும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுங்கள். இது தினமும் நடக்க வேண்டும். அவள் தன் பொம்மையையோ பூனைக்குட்டியையோ அதே சொல்லால் கூப்பிடுவதைக் கேட்டால், ஏற்றுக்கொண்டுவிட்டாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவளுக்கு அண்ணன் இருந்தால் அவனையும் மறந்துவிடாதீர்கள். பத்து வயதைத் தாண்டிய பையன்கள் கடற்கரையில் கூட்டாளிகளோடு நிற்கும்போது கண்ணு, தங்கம் என்று கூப்பிட்டால் வெட்கப்பட்டு ஓடிவிடுவார்கள். வெளியில் பெயர் சொல்லியோ "தம்பி" என்றோ கூப்பிடுங்கள். வீட்டுக்குள் சோறு போடும்போது "அய்யா, இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று கேட்டால் அவன் மறுக்க மாட்டான்.